ஆறு பெயர்களும் முப்பது தொகைகளும்

‘கன்மலை’ என்னும் சொல் யான் குழவிப் பருவந்தொட்டுக் கேட்டுவரும் சொற்களுள் ஒன்று. சங்கீதங்களில் இறைவனைக் கன்மலை என்று அழைக்கும் இடங்கள் பல. நாடோறும் இல்லத்தில் நடைபெறும் மாலை மன்றாட்டில் என் பாட்டியார் வாயினின்றும் இச்சொல் தவறாது பிறக்கும். எனினும் இதன் உறுப்புக்கள் யாவை என்று யான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனர்சு வகுப்பில் இலக்கணப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒருநாள், எம் ஆசிரியர் இச்சொல்லைப் பிரித்துக் கூறுமாறு என்னை வினவினார். யான் சிறிதும் தயங்காது, ‘கனம் கூட்டல் மலை, கனமான மலை’ என்று விடையிறுத்தேன். வகுப்பில் நகையொலி எழுந்தது. ஆசிரியர் நகைத்திலர். “அங்ஙனமாயின் அது கனமலை ஆகும், ககரத்தின் பின் நிற்கும் னகரம் புள்ளி பெற்றது எவ்வாறு?” என்று மட்டும் கேட்டு, “அகராதியைப் பார்த்து நாளை வருக” என்றார்.

மறுநாளைக்குள் யான் பார்த்தது ஒரு சொல் அன்று, முப்பது சொற்கள். அம்முயற்சியின் வரலாறே இக்கட்டுரை.

யாவரும் அறிந்த ஆறு பெயர்களை எடுத்துக்கொண்டேன். அவை கல், மலை, நீர், கண், வாய், கால் என்பன. முதல் மூன்றும் நிலத்திற்குரியவை. பின் மூன்றும் உடம்பின் உறுப்புக்கள். இவற்றுள் ஒன்றை நிலைமொழியாகவும் மற்றொன்றை வருமொழியாகவும் வைத்துச் சேர்த்தால் எத்துணைச் சொற்கள் பிறக்கும்? நிலைமொழியாக நிற்றற்கு ஆறு சொற்கள் உள. ஒவ்வொன்றன் பின்னும் வருதற்கு எஞ்சிய ஐந்து உள. ஆகவே ஆறைந்து முப்பது. ‘கல்’ முன்னும் ‘மலை’ பின்னும் வருவது ஒன்று. ‘மலை’ முன்னும் ‘கல்’ பின்னும் வருவது வேறொன்று. ஒரு சொல் தன்னோடு தானே சேர்வதை யான் கணக்கிற் கொள்ளவில்லை. அது தொகையாகாது, அடுக்காகவே நிற்கும்.

சொற்களைச் சேர்ப்பது எளிது. முறையாகச் சேர்ப்பதே அரிது. முப்பதிலும் ஒன்றும் விடுபடாமல் இருத்தற்கு ஒரு தாளில் கட்டம் வரைந்து, நிலைமொழியை இடப்பக்கத்தும் வருமொழியை மேற்பக்கத்தும் எழுதி, புணர்ச்சி விதிப்படி ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பினேன். வேற்றுமைப் பொருளிற் புணர்ந்தனவாகக் கொண்டு நிரப்பியபோது கிடைத்தவை இவை:

கல் முன்னர்: கன்மலை, கன்னீர், கற்கண், கல்வாய், கற்கால்.
மலை முன்னர்: மலைக்கல், மலைநீர், மலைக்கண், மலைவாய், மலைக்கால்.
நீர் முன்னர்: நீர்க்கல், நீர்மலை, நீர்க்கண், நீர்வாய், நீர்க்கால்.
கண் முன்னர்: கட்கல், கண்மலை, கண்ணீர், கண்வாய், கட்கால்.
வாய் முன்னர்: வாய்க்கல், வாய்மலை, வாய்நீர், வாய்க்கண், வாய்க்கால்.
கால் முன்னர்: காற்கல், கான்மலை, கானீர், காற்கண், கால்வாய்.

இப்பட்டியலை ஒருமுறை உற்று நோக்குக. நிலைமொழியின் ஈற்றெழுத்தே திரிந்துபோன சொற்கள் இதனுள் பத்து உள. லகர ஈற்றுச் சொல்லின் முன் வல்லினம் வந்தால் லகரம் றகரமாகும். மெல்லினம் வந்தால் னகரமாகும். இடையினம் வந்தால் மாறாது நிற்கும். ஆதலின் ‘கல்’ என்பது ‘கண்’ வரக் கற்கண் எனவும், ‘மலை’ வரக் கன்மலை எனவும், ‘வாய்’ வரக் கல்வாய் எனவும் ஆயிற்று. ணகர ஈறு வேற்றுமையில் வல்லினம் வரின் டகரமாகும்; கட்கல், கட்கால் என்பன அங்ஙனம் வந்தவை. மலை, நீர், வாய் என்பவற்றின் முன் ககரம் வந்த ஒன்பது இடங்களிலும் ஒற்று மிகுந்தது. கண்ணீரில் நிலைமொழி மாறவில்லை. வருமொழியின் நகரமே ணகரமாயிற்று. எஞ்சிய பத்தும் இயல்பாக நின்றன. பத்து, ஒன்பது, ஒன்று, பத்து; ஆக முப்பது.

ஆசிரியர் வினாவுக்கு விடை இங்கேயே கிடைத்துவிட்டது. னகரம் புள்ளி பெற்றது, அது பிறிதோர் எழுத்தின் திரிபாதலான். கன்மலையின் முன்னுறுப்புக் கனம் அன்று, கல்.

ஆயினும் விதியால் ஒரு சொல்லை ஆக்கிவிட்டமையாலேயே அச்சொல் மொழியில் உண்டென்று கூற முடியாது. அதற்குச் சான்று வேண்டும். சான்றாக யான் கொண்டது சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரையில் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி. அதில் ஒரு நூறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் உள. இக்காரியத்திற்கு அவ்வகராதி தக்கதென்றற்கு ஒரு காரணம் உண்டு. அது தலைச்சொல்லை அடுத்து உரோம எழுத்தில் ஒலிப்பைத் தருங்கால், தொகைச் சொல்லாயின் உறுப்புக்களின் இடையே சிறு கோடிட்டுக் காட்டுகின்றது. எழுத்துத் திரிந்த சொல்லாயின் மூலச்சொல் இன்னதென்று கூட்டற் குறியோடு சுட்டுகின்றது. எனவே சொல் உண்டா இல்லையா என்பது மட்டுமன்றி, அஃது எவ்வாறு பிரியும் என்பதும் அங்கே கிடைக்கும்.

அகராதியைப் புரட்டத் தொடங்கியவுடன் முதல் இடர் எதிர்ப்பட்டது. கன்மலையைக் ‘கல்’ என்னும் பகுதியிலே தேடினேன். கல்லடி, கல்லணை என்று சொற்கள் செல்கின்றனவே ஒழியக் கன்மலை அங்கே இல்லை. இல்லை என்று குறித்துவிட இருந்தேன். அப்போதுதான் அகராதி எழுத்து முறையால் அமைந்ததே அன்றிப் பொருள் முறையால் அமைந்ததன்று என்னும் எளிய உண்மை நினைவுக்கு வந்தது. தமிழ் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். லகரத்திற்கும் அதற்கும் இடையே வகரம், ழகரம், ளகரம், றகரம் என நான்கு மெய்கள் நிற்கின்றன. ஆகவே கல்லின் குழந்தைகளாகிய கல்வாய், கற்கால், கன்மலை மூன்றும் ஒரே வீட்டில் வசிப்பதில்லை. கல்வாய் கல்லோடு இருக்கும். கற்கால் கள், களம் முதலிய சொற்களைக் கடந்து அப்பால் இருக்கும். கன்மலை அதனினும் அப்பால் இருக்கும். கட்கால் என்பதோ கண்ணுக்கு முன்னரே, டகர வரிசையில் இருக்கும். முன் கூறிய பத்துச் சொற்களும் இத்தகையன. நிலைமொழியின் கீழே மட்டும் தேடுபவன் முப்பதிற் பத்தைத் தேடாமலே இல்லை என்று சொல்லிவிடுவான்.

இதனோடு மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. இக்காலத்து அச்சில் ‘கல்மலை’, ‘கால்நீர்’ எனப் புணர்த்தாமலே எழுதுவாரும் பலர். ஆதலின் புணர்ந்த வடிவத்தை ஒருமுறையும் புணராத வடிவத்தை ஒருமுறையும் ஆக இருமுறை தேடுதல் வேண்டும். அங்ஙனம் இரண்டிடத்தும் பார்த்த பின்னரே ‘இல்லை’ என்று எழுதலாம்.

இரண்டாவது இடர் இதனினும் நுட்பமானது. சொல் கிடைத்துவிட்டது போலத் தோன்றும். உண்மையிற் கிடைத்தது வேறு சொல்லாக இருக்கும். ‘கற்கண்’ என்று தேடும்போது ‘கற்கண்டு’ கண்ணிற் படும். விரல் அங்கே நின்றுவிடும். ஆனால் கற்கண்டின் ஈற்றில் இருப்பது கண் அன்று, கண்டு. அது சருக்கரைக் கட்டியைக் குறிக்கும் சொல். ஒரு சொல்லின் முதற்பகுதி ஒத்திருத்தல் அச்சொல்லே ஆதற்குச் சான்றாகாது. ஈற்றெழுத்து வரையில் ஒத்து நோக்குதல் வேண்டும்.

ஈற்றெழுத்து வரையில் ஒத்திருந்தும் வேறு சொல்லாதல் உண்டு. ‘கானீர்’ என்பதை எடுத்துக்கொள்வோம். கால் என்பதன் முன் நீர் வந்தால், முதலில் லகரம் னகரமாகும். அதனால் வருமொழி நகரமும் னகரமாகும். பின்னர், நெடிலை அடுத்து இரண்டு னகரம் நில்லாமையின் முன்னது கெடும். கால் கூட்டல் நீர் கானீர் ஆயிற்று. ‘கல்’ குறிலாதலால் அதன் முன் இக்கேடு நிகழாது கன்னீர் என்று இரண்டும் நின்றன. இனிக் காட்டைக் குறிக்கும் ‘கான்’ என்னும் சொல்லை நீரோடு சேர்த்துப் பார்க்க. அதுவும் கானீர் என்றே முடியும். காட்டு நீரும் கால் நீரும் எழுத்தால் ஒன்று. அவ்வாறே கான்மலை என்பது காட்டு மலையாகவும் பிரியும். டகரத்திலும் இதே நிலை: ணகரம் போலவே ளகரமும் வல்லினத்தின் முன் டகரமாதலால், கட்கால் என்பது கண்ணின் கால் எனவும் பிரியலாம், கள்ளின் கால் எனவும் பிரியலாம்.

புணர்ச்சி ஒருவழிப் பாதை. இரு சொற்களிலிருந்து ஒரு வடிவத்துக்குச் செல்லலாம். வடிவத்திலிருந்து சொற்களுக்குத் திரும்பும்போது வழி இரண்டாகப் பிரிந்துவிடும். ஆதலின் அகராதியில் ஒரு வடிவம் காணப்பட்டால், அங்கே காட்டப்பட்ட பிரிப்பு நாம் சேர்த்த பிரிப்புத்தானா என்று பார்த்தல் வேண்டும். வேறாயின் அது நமது சொல் அன்று. வடிவு, பிரிப்பு, பொருள் என்னும் மூன்றும் ஒத்தால் மட்டுமே என் கட்டத்தில் ஒரு சொல்லுக்கு நேரே குறியிடுவது என்று வரையறுத்துக்கொண்டேன்.

இவ்வளவையால் ஐயமறத் தேறிய சொற்களுள் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்காட்டுவேன். அவை கன்மலை, கண்ணீர், வாய்நீர், வாய்க்கால், கால்வாய் என்பன.

இவ்வைந்தையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகும். தமிழ்த் தொகையில் பெரும்பாலும் பின்மொழியே தலைமை உடையது. முன்மொழி அதனைச் சிறப்பித்து நிற்கும். கன்மலை ஒரு வகை மலை. மலைக்கல் ஒரு வகைக் கல். கண்ணீரும் வாய்நீரும் நீரின் வகைகள். முன்னது கண்ணினின்று வழிவது, பின்னது வாயில் ஊறுவது. ‘வழிவது’ என்றோ ‘ஊறுவது’ என்றோ சொல்லில் ஓர் எழுத்தும் இல்லை. இடையில் மறைந்து நிற்கும் அவ்வுறவை வழக்கே நமக்குக் கற்பிக்கின்றது. அயல்மொழியாளர் ஒருவர் கண், நீர் என்னும் இரண்டையும் அறிந்தவராயினும், கண் கழுவும் நீரைக் கண்ணீர் என்று கூறினால் அவரை விதியால் மறுக்க இயலாது, வழக்கால்தான் மறுக்கலாம்.

வாய்க்காலும் கால்வாயும் இவ்வுண்மைக்கு ஒரு சோதனை. உறுப்புக்கள் இரண்டும் அவையே; வரிசை மட்டும் தலைகீழ். பின்மொழியே தலைமை உடையதாயின், வாய்க்கால் ஒருவகைக் கால் ஆதல் வேண்டும். கால்வாய் ஒருவகை வாய் ஆதல் வேண்டும். ஆனால் வழக்கில் இரண்டும் நீர் செல்லும் வழியையே குறிக்கின்றன. இங்கே கால் என்பது உடம்பின் உறுப்பு அன்று. அச்சொல்லுக்குக் காற்று, நாலில் ஒரு கூறு, நீரோடும் வழி எனப் பிற பொருள்களும் உள. வாய்க்காலில் நிற்பது நீரோடும் வழி என்னும் பொருளே. வாய் என்பதும் முகத்திலுள்ள வாய் அன்று. நீர் புகவும் புறப்படவும் உள்ள திறப்பு. ஆகவே உடம்பின் உறுப்புக்கள் என்று எண்ணி யான் பட்டியலிற் சேர்த்த இரண்டு சொற்களும் ஒன்றையொன்று சந்தித்தவுடன் உடம்பை விட்டு வயலுக்குச் சென்றுவிட்டன.

இரண்டும் ஒரு பொருளனவாயினும் ஓரிடத்தில் மற்றொன்று அமையாது. உழவர் வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு வழியை வாய்க்கால் என்பர். 1869-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சூயசு நீர்வழியை எவரும் சூயசு வாய்க்கால் என்று கூறார். சூயசுக் கால்வாய் என்றே கூறுவர். சென்னையிலுள்ள பக்கிங்காம் கால்வாயும் அவ்வாறே. பெருநீர்வழிக்குக் கால்வாயும் வயலோரச் சிறுவழிக்கு வாய்க்காலும் பெரும்பான்மை வழக்காக அமைந்தன. இதனை எந்தப் புணர்ச்சி விதியிலிருந்தும் ஊகித்தறிதல் இயலாது.

இனி, யான் நிரப்பிய கட்டத்தில் ஒரு குறை இருந்தது. அதனை எம் ஆசிரியரே சுட்டிக்காட்டினார். முப்பதையும் வேற்றுமைத் தொகையாகவே யான் கொண்டேன். உம்மைத் தொகையாகவும் கொள்ளலாம் அன்றோ? கையும் காலும் என்பதைக் ‘கைகால்’ என்கின்றோம். அங்கே ககர ஒற்று மிகுவதில்லை. அவ்வாறே வாயும் காலும் என்னும் பொருளில் ‘வாய்கால்’ என்றும், கண்ணும் காலும் என்னும் பொருளில் ‘கண்கால்’ என்றும் நிற்கும். வாய்க்கால் என்பதில் உள்ள ஒரு புள்ளி எழுத்து நீங்கியவுடன் வயல் மறைந்து உடம்பு மீண்டும் தோன்றுகின்றது. நம் பட்டியலில் கல், கண், கால் என்னும் மூன்று சொற்கள் வல்லினத்தில் தொடங்குவன. அவை ஒவ்வொன்றும் ஐந்து நிலைமொழிகளின் பின் வருதலால், இவ்வாறு இரு வடிவம் பெறுதற்குரிய இடங்கள் பதினைந்து. எஞ்சிய பதினைந்து இடங்களிலும் இரு பொருளுக்கும் வடிவம் ஒன்றே. ஆகவே தேட வேண்டிய வடிவங்கள் முப்பது அல்ல, நாற்பத்தைந்து. லகர ஈற்றில் மட்டும் அல்வழியிலும் திரிதல் உண்டு ஆதலின், அங்கே கற்கால் என்பது இரு பொருளுக்கும் பொதுவாதலும் கூடும் என்று ஆசிரியர் மேலும் கூறினார்.

இறுதியாக, அகராதியில் இல்லாத சொல்லை என்னென்று கூறுவது? இவ்விடத்தில் யான் முதலிற் பெருந்தவறு செய்தேன். இல்லாதவற்றையெல்லாம் பிழைச் சொற்கள் என்று சிவப்பு மையால் அடித்துவிட்டேன். ஆனால் ‘மலைநீர்’ என்று ஒருவர் கூறினால் மலையினின்று வரும் நீர் என்று யாவரும் உணர்வர். உறுப்புக்களின் பொருளை அறிந்தவுடன் முழுப்பொருளும் விளங்கும் தொகைகள் எண்ணிறந்தன. அவற்றையெல்லாம் தலைச்சொல்லாக நிறுத்த எந்த அகராதியும் கடமைப்படவில்லை. உறுப்புக்களால் மட்டும் அறியப்படாத பொருள் சொல்லில் ஏறியிருந்தால், அப்போதே அகராதிக்கு வேலை உண்டு. ஊர்ப்பெயர்களின் நிலை இன்னும் வேறு. ‘நீர்மலை’ என்று தனியே கேட்டால் வியப்பாயிருக்கும்; ஆனால் சென்னைக்கு அணித்தாகத் திருநீர்மலை என்னும் திருப்பதி உள்ளது. பொதுச் சொல்லாக வழங்காத ஒரு சேர்க்கை ஒரு குன்றின் பெயராக நூற்றாண்டுகளாய் வாழ்ந்துவருகின்றது.

எனவே சிவப்புக் கோடுகளை நீக்கிவிட்டுப் பட்டியலை மூன்றாகப் பகுத்தேன். அகராதி ஏற்றவை ஒரு பகுதி. அகராதி சொல்லாவிடினும் கேட்டவர்க்குப் பொருள் விளங்குபவை ஒரு பகுதி. விதி மட்டும் ஆக்கித்தந்து வழக்கு இன்னும் பொருள் தாராதவை ஒரு பகுதி. மூன்றாம் பகுதிக்கு ‘வாய்மலை’ தக்க உதாரணம். இலக்கணம் அதில் ஒரு குற்றமும் காணாது. ஆயின் வாய்மலை யாது என்று என்னைக் கேட்டால் எனக்கு விடை தெரியாது. அதனை அங்கே விட்டுவைத்திருக்கிறேன், அடித்துவிடவில்லை. இவ்வழியில் முயல விரும்பும் மாணவ நண்பர்கள், தாமும் ஆறு பெயர்களை எழுதிக் கட்டம் வரைந்து பார்ப்பாராக. லகரத்திலோ ணகரத்திலோ முடியும் சொல் ஒன்றேனும் அவற்றுள் இருத்தல் நன்று. இல்லையேல் தேடும் துன்பமும் இல்லை, அறியும் பயனும் இல்லை.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது, கன்மலை என்பதில் இருப்பது கனம் அன்று, கல் என்பதைப் பாட்டியாரிடம் கூறினேன். அவர்கள் எழுத்தறியாதவர்கள். சிறிது நேரம் என்னை நோக்கிவிட்டு, “கல்லு மலை என்று எனக்கு எப்போதும் தெரியுமே, இதற்காகவா காலேஜுக்குப் போனாய்?” என்றார்கள்.